பச்சையாகத் தெரிந்த நஷ்டம்

வருட முடிவில் வரிக்கணக்குக்காக எல்லாத் தாள்களையும் எங்கள் கணக்காளரிடம் அனுப்பியிருந்தேன். வீட்டுக்குப் பல வருடமாகப் பழக்கமானவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார்.

“தம்பி, டிரேடிங்ல லாபம்னு சொன்னீங்க. இங்க நஷ்டம்ல வருது?”

“இல்லண்ணா, இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம் லாபம். ஆப்லயே காட்டுதே.”

“ஆப்ல காட்டுறது வாங்கின விலை, வித்த விலை. நான் பார்க்கிறது உங்க லெட்ஜர். அஞ்சு லட்சம் போட்டிருக்கீங்க, இப்ப நாலு லட்சத்துத் தொண்ணூத்திரண்டாயிரத்து நானூறு நிக்குது.”

நான் நம்பவில்லை. நடுவில் பணத்தை எடுத்ததும் போட்டதுமாக இருந்ததால் அங்கேதான் எதையோ விட்டுவிட்டார் என்று நினைத்து, அன்று இரவே உட்கார்ந்து டிரேடுகளுக்குப் புரோக்கர் அனுப்பும் ரசீதான கான்ட்ராக்ட் நோட்டுகளை, வருடம் முழுவதற்குமானதை, ஒவ்வொன்றாக ஒரு தாளில் ஏற்றினேன். அவர் சொன்னதுதான் சரி. லாபம் 29,600, செலவு 37,200. கழித்தால் 7,600 நஷ்டம். இந்த எண்களை எந்த நாட்டுப் பணமாக வைத்துக்கொண்டாலும் கணக்கு மாறாது, அதனால் வெறும் எண்ணாகவே எழுதுகிறேன்.

நான் செய்துகொண்டிருந்தது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. கடன் வாங்கவில்லை, ஆப்ஷன் பக்கம் போகவில்லை. நன்றாக வாங்கி விற்கப்படும் பெரிய கம்பெனிப் பங்குகள் மட்டும்தான். ஒரு தடவைக்கு ஒரு லட்சம் போட்டு வாங்குவேன், ஒரு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் விற்றுவிடுவேன். இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற ஸ்டாப் லாஸ் ஆர்டரைத் தவறாமல் வைப்பேன். வருடத்தில் அப்படி 186 டிரேட். அதில் 104 லாபம், 82 நஷ்டம். ஜெயித்தபோது சராசரியாக 1,100 கிடைத்திருக்கிறது, தோற்றபோது சராசரியாக 1,034 போயிருக்கிறது. நூற்றுக்கு 56 தடவை ஜெயிக்கிறான், ஜெயிக்கும்போது தோற்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எடுக்கிறான். அப்படிப்பட்டவன் எப்படி நஷ்டத்தில் முடிவான்?

ஒவ்வொரு டிரேடுக்கும், வாங்கி விற்பதைச் சேர்த்து, சராசரியாக 200 செலவாகியிருக்கிறது. புரோக்கரேஜ், பரிவர்த்தனை வரி, முத்திரைத் தீர்வை, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், அதன் மேல் ஒரு வரி என்று ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடப்பதால் எதுவுமே பெரிதாகத் தெரியாது. ஒரு லட்சத்துக்கு 200 என்றால் 0.2 சதவீதம். யாராவது கேட்டிருந்தால் “அது ஒரு காசா” என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்த 200 ஜெயித்த கணக்கிலிருந்தும் போகிறது, தோற்ற கணக்கிலும் ஏறுகிறது. என் 1,100 உண்மையில் 900. என் 1,034 உண்மையில் 1,234. இந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு நஷ்டமில்லாமல் இருக்க வேண்டுமானால் நூற்றுக்கு 58 தடவை ஜெயிக்க வேண்டும். நான் ஜெயித்தது 56. செலவே இல்லாத உலகத்தில் 48.5 தடவை ஜெயித்தாலே போதுமாக இருந்திருக்கும். அந்த உலகத்தில் நான் கெட்டிக்காரன்தான்.

இன்னொன்றும் அன்று இரவு கண்ணில் பட்டது. ஜெயித்த 104-இல் 17 டிரேடின் லாபம் 200-க்கும் கீழே. அதாவது 80, 120, 150 என்று பச்சை நிறத்தில் காட்டிய பதினேழும் கையைக் கடித்த டிரேடுகள். “கொஞ்சமாவது லாபத்தில் வெளியே வந்தோமே” என்று நான் நிம்மதிப்பட்ட டிரேடுகள் பெரும்பாலும் இவைதான். இப்போதெல்லாம் வாங்கியவுடன், வாங்கிய விலைக்கு மேல் செலவையும் சேர்த்து ஒரு விலையைக் குறித்துக்கொள்கிறேன். அந்த விலையைத் தாண்டினால்தான் என் கணக்கில் அது பச்சை. ஆப் என்ன வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளட்டும்.

கான்ட்ராக்ட் நோட்டில் வராத ஒரு செலவும் உண்டு, அதைக் கண்டுபிடிக்க இன்னும் சில மாதம் ஆனது. இந்த வேலையில் இறங்குவதற்கு முன்பு மூன்று மாதம் பேப்பர் டிரேடிங் செய்திருந்தேன். பணம் போடாமல், திரையில் தெரியும் விலைக்கு வாங்கியதாகவும் விற்றதாகவும் எழுதிப் பார்ப்பது. அதில் வந்த லாபம் நிஜத்தில் வந்ததைவிட எப்போதும் அதிகமாக இருந்தது. பயம், பதற்றம், மனசு என்று எல்லாரும் சொல்லும் காரணத்தையே நானும் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு முப்பது டிரேடுக்கு, ஆர்டர் போடும் அந்த நொடியில் திரையில் என்ன இருந்தது என்று எழுதி வைத்தேன். வாங்குபவர் தரத் தயாராக இருக்கும் விலை ஒன்று, விற்பவர் கேட்கும் விலை ஒன்று, இரண்டுக்கும் நடுப்புள்ளி ஒன்று. எடுத்துக்காட்டாக வாங்குவோர் 499.60 என்று நிற்கிறார்கள், விற்போர் 500.00 என்று நிற்கிறார்கள். நடுப்புள்ளி 499.80. கிடைக்கிற விலைக்கு உடனே வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் எனக்கு 500.00-க்குக் கிடைக்கும். அடுத்த நொடியே விற்றால் 499.60. சந்தை அசையவே இல்லை, 0.40 போய்விட்டது. பங்கு வேகமாக ஓடும்போது வாங்கினால் 500.00-இல் இருந்த கொஞ்சப் பங்கும் முடிந்து, மீதி 500.30-க்குக் கிடைக்கும். இதைத்தான் ஸ்லிப்பேஜ் என்கிறார்கள். என் முப்பது டிரேடிலும் நடுப்புள்ளியிலிருந்து சராசரியாக ஒரு பக்கத்துக்கு 0.06 சதவீதம் விலகியிருந்தது. வாங்க ஒரு முறை, விற்க ஒரு முறை, மொத்தம் 0.12. ஒரு லட்சத்துக்கு 120.

இதே விகிதத்தில் 186 டிரேடுக்கும் போட்டால் சுமார் 22,000 வருகிறது. ஆக, அதே வருடத்தில் அதே முடிவுகளை எடுத்த ஒரே ஆளுக்கு மூன்று கணக்கு இருக்கிறது. பேப்பரில் செய்திருந்தால் ஏறக்குறைய 52,000 லாபம். ஆப்பில் 29,600 லாபம். வங்கியில் 7,600 நஷ்டம். பயத்துக்கும் பதற்றத்துக்கும் இதில் வேலையே இல்லை.

விலையை நாமே குறித்து லிமிட் ஆர்டர் போட்டால் தப்பிக்கலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. பாதி உண்மை. 499.60-க்கு வாங்குகிறேன் என்று வரிசையில் நின்றால், விலை கீழே இறங்கும்போது எனக்குக் கட்டாயம் கிடைக்கிறது. நின்ற இடத்திலிருந்து மேலே ஓடிய பங்கு மட்டும் கிடைப்பதில்லை. நான் நினைத்தது தப்பாகப் போன டிரேடெல்லாம் மலிவாக மாட்டும், சரியாகப் போனதில் பாதி கையில் சிக்காமல் போகும். அந்த இழப்பு எந்த நோட்டிலும் அச்சாவதில்லை.

சரி, செலவைக் குறைக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்ததும் தெரியாததும் சேர்த்து, வாங்கி விற்கும் ஒரு சுற்றுக்கு 0.32 சதவீதம். இது பெரிதா சின்னதா என்பது, நான் எவ்வளவு நாள் வைத்திருக்கப் போகிறேன் என்பதைப் பொறுத்தது. முதலீட்டுக்கும் டிரேடிங்குக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உண்மையாகப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

நான் வாங்கி விற்ற மாதிரியான பங்கு ஒரு நாளைக்குச் சாதாரணமாக ஒரு சதவீதம் மேலேயோ கீழேயோ அசையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு நாளில் எவ்வளவு அசையும்? நூறு சதவீதம் இல்லை. சில நாள் ஏறும், சில நாள் இறங்கும், ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். தோராயமாகச் சொன்னால் நாள் நான்கு மடங்கானால் அசைவு இரண்டு மடங்கு, நாள் நூறு மடங்கானால் அசைவு பத்து மடங்கு. நூறு வர்த்தக நாளில், அதாவது ஐந்து மாதத்தில், பத்து சதவீத அளவுக்கு அசைவு எதிர்பார்க்கலாம். இது ஒரு மதிப்பீடுதான். திடீர்ச் செய்தி வந்தால் ஒரே நாளில் எல்லாம் தலைகீழாகும். ஆனால் செலவு எங்கே நிற்கிறது என்று பார்க்க இந்த மதிப்பீடு போதும்.

ஒரு நாளுக்காக வாங்குபவர் ஒரு சதவீதம் லாபத்துக்கு டார்கெட்டும் ஒரு சதவீதம் நஷ்டத்துக்கு ஸ்டாப்பும் வைக்கிறார். செலவு போக ஜெயித்தால் 0.68, தோற்றால் 1.32. நஷ்டமில்லாமல் இருக்கவே அவர் நூற்றுக்கு 66 தடவை ஜெயிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்காக வாங்குபவர் மேலே மூன்று, கீழே மூன்று வைத்தால் 55 தடவைக்குக் கொஞ்சம் மேல் போதும். ஐந்து மாதம் வைத்து மேலே பத்து, கீழே பத்து என்பவருக்கு 51.6. மூன்று பேரும் ஒரே புரோக்கரிடம் ஒரே கட்டணம்தான் கட்டுகிறார்கள். ஆனால் முதல் ஆள் ஏறவேண்டிய மேடு மட்டும் செங்குத்தாக நிற்கிறது. மூன்றில் இரண்டு தடவை நாளைய விலையைச் சரியாகச் சொல்வது என்றால் என்ன என்று ஒரு மாதம் எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முதலீட்டாளர் இந்த மேட்டில் ஏறுவதே இல்லை. விலை அசைவிலிருந்து அவர் எதையும் பிடிக்கப் பார்ப்பதில்லை. கம்பெனி பொருள் விற்கிறது, லாபம் வருகிறது, அதில் ஒரு பகுதி டிவிடெண்டாக வருகிறது, மீதி தொழிலுக்குள் போய் அடுத்த வருட லாபத்தைப் பெரிதாக்குகிறது. அவர் பணம் அங்கிருந்து வருகிறது, அதற்கு நாள் பிடிக்கும். வருடத்துக்குப் பத்து சதவீதம் வளரும் என்று நல்ல எண்ணத்தோடு வைத்துக்கொண்டாலும் ஒரு வர்த்தக நாளுக்கு விழுவது 0.04 சதவீதம்தான். நோட்டில் தெரிகிற 0.2 செலவு மட்டுமே ஐந்து நாள் வளர்ச்சியைத் தின்றுவிடும். இரண்டு நாள் வைத்திருந்து விற்றவனுக்குக் கம்பெனியின் வளர்ச்சியால் எந்தப் பயனும் இல்லை. அவனுக்கு லாபம் வர வேண்டுமானால் எதிர்ப்பக்கத்தில் வாங்கியவரோ விற்றவரோ தப்பு செய்திருக்க வேண்டும். அந்த எதிர்ப்பக்கத்தில் இருப்பவரும் இதையேதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பார்.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஒரு தள்ளுபடிக் கட்டண புரோக்கரிடம் இருந்த 66,465 குடும்பங்களின் கணக்குகளை பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார்கள். 1991 முதல் 1996 வரையான கணக்குகள். சந்தை வருடத்துக்கு 17.9 சதவீதம் தந்த அந்தக் காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். எனக்குச் சுருக்கென்று பட்டது அதற்கு அடுத்த விஷயம். செலவைக் கழிப்பதற்கு முன்பு பார்த்தால், அதிகம் விற்று வாங்கியவர்களுக்கும் சும்மா இருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பங்கைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் மட்டமானவர்கள் இல்லை, வித்தியாசத்தை உண்டாக்கியது கட்டணமும் விலை இடைவெளியும்தான். இன்று புரோக்கரேஜ் அப்போதைவிட எவ்வளவோ மலிவு. ஆனால் மலிவானதும் நாம் டிரேடின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டோம்.

உங்கள் கணக்கில் இது எவ்வளவு என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். வருடத்தில் மொத்தம் வாங்கிய தொகையை உங்கள் முதலால் வகுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 186 லட்சம், முதல் 5 லட்சம், ஏறக்குறைய 37 சுற்று. அதை ஒரு சுற்றுச் செலவான 0.2-ஆல் பெருக்கினால் 7.4 சதவீதம். ஜனவரி முதல் தேதியன்றே 7.4 சதவீதம் பின்னால் நின்று ஓட ஆரம்பிக்கிறேன் என்று அர்த்தம், அதுவும் நோட்டில் தெரிகிற செலவுக்கு மட்டும். இந்தப் பெருக்கலில் நம் கையில் இருப்பது சுற்றின் எண்ணிக்கைதான். இன்னும் குறைந்த கட்டணம் எங்கே என்று தேடிப் புரோக்கரை மாற்றிக்கொண்டே இருந்த நான், முப்பத்தேழை எப்படி ஐந்தாக்குவது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நீண்ட காலம் என்றால் செலவு ஒன்றும் செய்யாது என்று எடுத்துக்கொண்டுவிட வேண்டாம். அந்தத் தப்பையும் செய்திருக்கிறேன். ஒரு தடவை மட்டும் கட்டும் செலவுக்குத்தான் காலம் மருந்து. ஒவ்வொரு வருடமும் கட்டும் செலவுக்குக் காலமே எதிரி. ஓய்வுக்காலத்துக்கென்று நான் போட்டுவந்த ஃபண்ட் வருடத்துக்கு ஒன்றேகால் சதவீதம் எடுத்துக்கொண்டிருந்தது. அதே மாதிரியான பங்குகளை வைத்திருந்த ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட் கால் சதவீதம் எடுத்தது. ஒரு சதவீத வித்தியாசம்தானே என்று ஆறு வருடம் விட்டுவிட்டேன். ஒரு லட்சம் வருடத்துக்குப் பத்து சதவீதம் வளர்ந்தால் இருபது வருடத்தில் 6.73 லட்சம். ஒன்பது சதவீதம் வளர்ந்தால் 5.60 லட்சம். கிடைத்திருக்க வேண்டிய லாபத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை அந்த ஒரு சதவீதம் எடுத்துக்கொண்டுவிடும். வரியும் இப்படித்தான். விற்றால்தான் லாபத்துக்கு வரி என்ற முறை இருக்கும் இடங்களில், விற்காதவருடைய வரிப்பணமும் அவருக்காகவே வளர்ந்துகொண்டிருக்கும். பத்து சதவீத வளர்ச்சி, பதினைந்து சதவீத வரி என்று வைத்தால், வருடா வருடம் விற்று வாங்குபவருக்கு இருபது வருடத்தில் 5.11 லட்சம். கடைசியில் ஒரே தடவை விற்பவருக்கு, வரி போகவே 5.87 லட்சம்.

டிரேடிங்கை நான் அடியோடு விடவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. இரண்டையும் தனித்தனிக் கணக்கில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். முதலீட்டுக் கணக்கில் மாதம் ஒரு தடவை வாங்குகிறேன், ஏழெட்டு வருடத்துக்குத் தேவைப்படாத பணம் மட்டும் அங்கே போகிறது. டிரேடிங் கணக்கில் முதலாகப் போட்டிருப்பது ஒரு லட்சம்தான். நான் எதிர்பார்க்கும் அசைவு, முழுச் செலவைப்போல் குறைந்தது பத்து மடங்காவது இருந்தால்தான் வாங்குவது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பத்து என்பது எங்கும் எழுதியிருக்கும் விதி இல்லை, நான் போட்டுக்கொண்டது. என் செலவுக்கு அது 3.2 சதவீதம். இந்த ஒரு வடிகட்டியில் ஒரு நாள் டிரேடெல்லாம் தானாகவே விழுந்துவிட்டன. போன வருடம் மொத்தம் 14 டிரேட். எல்லாச் செலவும் போக 1,900 லாபம். இதை வைத்து என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது, பதினான்கு என்பது எதையும் நிரூபிக்கப் போதாத எண்ணிக்கை.

வாங்குவதற்கு முன்பு தாளில் மூன்று கட்டம் நிரப்புகிறேன். ஏன் வாங்குகிறேன், எந்தத் தேதிக்குள் அது நடக்க வேண்டும், எது நடந்தால் நான் நினைத்தது தப்பு. நான் அதிகமாக அடிபட்டது இந்த மூன்றாவது கட்டம் இல்லாததால்தான். மூன்று நாளுக்கென்று வாங்கிய பங்கு ஒன்று நான்காம் நாள் எட்டு சதவீதம் இறங்கித் திறந்தது, என் ஸ்டாப் விலையைத் தொடாமலேயே தாண்டிப் போய்விட்டது. நான் வைத்திருந்தது குறித்த விலைக்குக் கீழே விற்காத ஸ்டாப் ஆர்டர் என்பதால் அது அப்படியே நிற்கிறது, விற்பனை ஆகவில்லை. கையால் விற்றிருக்க வேண்டும். நான் செய்தது, ஸ்டாப்பை எடுத்துவிட்டு, “நல்ல கம்பெனிதானே, நீண்ட காலத்துக்கு இருக்கட்டும்” என்றது. அன்று மாலைதான் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை முதன்முதலாகத் திறந்தேன். வாங்கக் காரணம் தேடி இல்லை, விற்காமல் இருக்கக் காரணம் தேடி.

அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, நான்காவது வருடம். போன மாதம் கணக்காளர் அண்ணா பட்டியலைப் பார்த்துவிட்டு, “இது எந்தக் கணக்குல வருது, முதலீடா டிரேடிங்கா?” என்று கேட்டார். அந்தப் பங்குக்கு நேரே “ஏன் வாங்கினேன்” என்ற கட்டம் காலியாகவே கிடக்கிறது. அவரும் ஒன்றும் எழுதாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.